கரும்புத் தொட்டில்

அன்பரசி பிறந்தப்போ அந்த முகத்துல ஒரு குறையும் இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு வலது கண் இமைமேல கொசு கடிச்ச மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி தெரிஞ்சுது. கொசுதான்னு நினைச்சு அவ அம்மா தனுஜா கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினா. ஒன்றரை மாசத்துல அந்தப் புள்ளி நாவல்பழம் கணக்கா உப்பி, இமையை இழுத்து மூடிருச்சு. இடது கண் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டு லயத்துல போற வர்றவங்களை எல்லாம் பார்த்துச் சிரிக்குது, வலது கண்ணு கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருக்குது.

லயத்துக்காரங்க வாய் சும்மா இருக்குமா? "மாசமா இருக்கும்போது கிரகணத்துல வெளியே வந்தியா?"ன்னு ஒருத்தி. "தக்காளி தோட்டத்துப் பக்கம் போயி ஆசைப்பட்டிருப்பா"ன்னு இன்னொருத்தி. தக்காளிக்கு ஆசைப்பட்டா பிள்ளைக்குக் கட்டி வரும்னா கேமரன்மலையில ஒரு பிள்ளையும் உருப்படியா பிறக்காது. இதெல்லாம் தனுஜாவுக்கும் தெரியும். தெரிஞ்சும், ராத்திரி பிள்ளைக்குப் பால் கொடுக்கையில, நான் எதைத் தின்னேன், எங்கே போனேன்னு அவ மனசு தேடிக்கிட்டேதான் இருந்துச்சு. பெத்தவ மனசுக்குப் புத்தி சொல்ல முடியுமா?

தானா ராத்தா ஆஸ்பத்திரியில பார்த்துட்டு உடனே ஈப்போவுக்கு எழுதிக் கொடுத்தாங்க. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில ஒரு மலாய்க்கார டாக்டரம்மா, சின்னப் பொண்ணு, பிள்ளையோட இமையை விரலால தூக்கிப் பார்த்துச்சு. தவமலர்னு வார்டு நர்ஸ் ஒருத்தி, சித்தியவான் பக்கத்துப் பொண்ணு, பக்கத்துல நின்னு தமிழ்ல சொன்னா.

"அக்கா, இது ரத்தக்குழாய்க் கட்டி. புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க. தானாவே ஒரு நாள் வாடிப்போகும். ஆனா அதுக்கு வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் இந்தக் கண்ணு மூடியே கிடந்தா, மூளை இந்தக் கண்ணை மறந்துடும். அப்புறம் கட்டி போனாலும் பார்வை வராது. அதனால இப்பவே மருந்து கொடுத்துச் சுருக்கணும்லா."

"என்ன மருந்துமா?"

"ப்ரொப்ரனொலால். பெரியவங்களுக்கு நெஞ்சு படபடப்புக்கும் பிரஷருக்கும் கொடுக்கிறதுதான்."

தனுஜாவோட புருஷன் குகன், தோட்டத்து லோரி டிரைவர், எழுந்தே நின்னுட்டான். "என்ன தங்கச்சி விளையாடுறியா? பச்சப்பிள்ளைக்குப் பிரஷர் மருந்தா?"

தவமலர் சிரிக்கல. அந்த மருந்து இந்தக் கட்டியோட ரத்தக்குழாயைச் சுருக்கும்னும், உலகம் முழுக்க இதைத்தான் இப்பக் கொடுக்கிறாங்கன்னும் பொறுமையா சொன்னா. பிள்ளையை வார்டுல படுக்க வச்சு, முதல்ல பாதி அளவுல ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு வேளை கொடுத்த பிறகும் நெஞ்சுத் துடிப்பைப் பார்த்தாங்க, பிரஷர் பார்த்தாங்க, குதிகால்ல ஊசியால குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சீனி அளவு பார்த்தாங்க. பிள்ளை தாங்கிக்கிச்சுன்னு தெரிஞ்ச பிறகுதான் முழு அளவு. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மில்லிகிராம், அதைக் காலையில பாதி, சாயங்காலம் பாதி. ஆஸ்பத்திரியிலேயே கலக்கிக் கொடுத்த மருந்துல ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் இருந்துச்சு. அதனால கணக்கு சுலபம். பிள்ளை நாலு கிலோன்னா வேளைக்கு நாலு மில்லி. எடை ஏற ஏற மருந்தும் ஏறும், ஆனா ஆஸ்பத்திரியில நிறுத்துப் பார்த்து அவங்க சொன்ன பிறகுதான், நீங்களா ஏத்தக் கூடாது.

இதுல தனுஜாவை அசைக்க முடியாது. கொழுந்து நிறுக்கையில அரை கிலோ குறைச்சு எழுதினா கணக்கெழுதுற கிராணியைத் தராசு பக்கத்துலேயே நிக்க வச்சு வாங்கு வாங்குன்னு வாங்குறவ. எடையும் அளவும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஊசியில்லாத சிரிஞ்சைக் கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, கோட்டுல ஒரு முடி கூட ஏறாம இறங்காம இழுப்பா.

"அளவு சரியா எடுக்கிறீங்க அக்கா, அது போதாது," வீட்டுக்கு அனுப்புறப்போ தவமலர் சொன்னா. "இந்த மருந்துல எனக்குப் பயம் அளவைப் பத்தி இல்ல, பசியைப் பத்தித்தான். வயிறு காலியா இருக்கையில நம்ம உடம்பு சேத்து வச்ச சீனியை எடுத்து ரத்தத்துல விடும். இந்த மருந்து அதைத் தடுக்கும். பெரியவங்களுக்குச் சேமிப்பு இருக்கு, தாங்குவாங்க. பிள்ளைங்களுக்கு ஏது சேமிப்பு? அதனால நல்லா பால் குடிச்ச பிறகுதான் மருந்து. குடிக்கலையா, வாந்தி எடுக்குதா, சளி காய்ச்சல்னு பால் குறைஞ்சுதா, அந்த வேளை மருந்தே வேணாம். விட்டுடுங்க. விட்ட வேளைக்குச் சேத்துக் கொடுக்கவும் கூடாது. இந்த வயசுல அஞ்சு மணி நேரத்துக்கு மேல பிள்ளை வயிறு காயக் கூடாது, ராத்திரியிலும்தான். தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்க."

"சீனி குறைஞ்சா எப்படித் தெரியும்?"

"அதுதான் அக்கா மோசம். சாதாரணமா சீனி குறைஞ்சா கை கால் நடுங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும். இந்த மருந்து அதை எல்லாம் அமுக்கிடும். வேர்வை ஒண்ணுதான் வெளியே தெரியும். வேர்த்து, சில்லுன்னு, வெளுத்துப் போயி, தூங்கி வழிஞ்சா உடனே பாலோ சீனித் தண்ணியோ கொடுத்துட்டு ஓடி வாங்க. முழுங்க முடியாம கிடந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க."

தனுஜா அத்தனையும் தலையில ஏத்திக்கிட்டா. வீட்டுக்கு வந்து குகனுக்கும் ஒப்பிச்சுக் காட்டினா. மூணு மாசம் அவ ஒரு ராத்திரியும் முழுசா தூங்கல. கைப்பேசி அலாரம் அடிச்சா எழுந்து, பிள்ளையை உலுக்கி, கன்னத்தைத் தட்டிப் பால் கொடுப்பா. "ராணுவத்துல சேத்துட்ட மாதிரி இருக்குடி"ன்னு குகன் போர்வைக்குள்ள இருந்து கேலி பண்ணுவான். பண்ணிட்டு அவனும் எழுந்து தண்ணி சுட வைப்பான்.

மருந்து வேலை செஞ்சுது. ரத்தச் சிவப்பா இருந்த கட்டி முதல் வாரத்துலயே கருஞ்சிவப்பாச்சு, அப்புறம் மெத்துன்னு ஆச்சு, அப்புறம் ஓரத்துல சாம்பல் பூத்துச்சு. ஒரு நாள் காலையில குளிப்பாட்டுறப்போ வலது இமை கொஞ்சமா விலகி, உள்ளே இருந்து கருமணி எட்டிப் பார்த்துச்சு. தனுஜா வாளியைப் போட்டுட்டு லயம் முழுக்கக் கேக்குற மாதிரி கத்தினா. "என்னங்க! பாக்குறா! ரெண்டு கண்ணாலயும் என்னைப் பாக்குறா!"

அன்னிக்கு நேர்ந்துக்கிட்டதுதான். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுல தனுஜா பால்குடம் எடுக்கிறது, பிள்ளையைக் கரும்புத் தொட்டில்ல போட்டு ஊர்வலம் கொண்டு வர்றது, வெள்ளியில ஒரு ஜோடி கண்மலர் செஞ்சு ஆத்தா காலடியில வைக்கிறது. பிள்ளைக்கு ஒண்ணுன்னா தோட்டத்துல எல்லாரும் செய்யறதுதான். மருந்து ஈப்போவுல இருந்து வந்தாலும், பலிக்கிறது ஆத்தா கையிலதானே இருக்கு? அப்படித்தான் அவ நினைச்சா. அதுல என்ன தப்பு?

திருவிழாவுக்கு முந்தின நாள் பிள்ளைக்கு லேசா மூக்கடைச்சுது. மலையில மழைக்காலம், யாருக்குத்தான் மூக்கு அடைக்கல? ராத்திரி அலாரம் வச்சு எழுப்பினப்போ பிள்ளை மார்பைக் கவ்வும், ரெண்டு இழுப்பு இழுக்கும், மூச்சு விட முடியாம விட்டுட்டு அழும், அழுதுக்கிட்டே தூங்கிடும். விடியக்காலையிலும் அதே கதைதான். எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி, மஞ்சள் பாவாடை கட்டி, மடியில போட்டுத் தனுஜா பால் கொடுத்தா. நாலு வாய் குடிச்சிருக்கும், அவ்வளவுதான். தலையைத் திருப்பிக்கிச்சு.

மருந்துப் போத்தல் மேசைமேல இருந்துச்சு. அவ கை சிரிஞ்சுக்குப் போச்சு, நின்னுச்சு.

பால் குறைஞ்சா மருந்து வேணாம். அது அவளுக்குத் தெரியாம இல்ல. தலைகீழா ஒப்பிப்பா. ஆனா போன மாசம் இதே மாதிரி ஒரு சளியில ரெண்டு நாள் மருந்தை விட்டதுல கட்டி மறுபடி சிவந்த மாதிரி அவளுக்குப் பட்டுச்சு. சிவந்துச்சோ இல்லையோ, பயம் சிவக்க வச்சிருக்கும். அன்னிக்கு அவ அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும். இப்ப, ஆத்தா சந்நிதிக்குப் போற நாள்ல, கண்ணு நல்லா திறந்து வர்ற நேரத்துல, ஒரு வேளை விடுறதா? விட்டு, அந்தக் கண்ணு மறுபடி மூடிக்கிட்டா?

"குடிச்சாளா?" கரும்பைக் கட்டிக்கிட்டிருந்த குகன் வாசல்ல இருந்து கேட்டான்.

"குடிச்சா," அப்படின்னா தனுஜா.

பொய்யும் இல்ல, நிஜமும் இல்ல. நாலு வாய் குடிச்சாலும் பால் பால்தானே, ஊர்வலம் ஒரு மணி நேரத்துல கோயிலுக்குப் போயிடும், போனதும் நல்லா கொடுத்துடலாம்னு அவ மனசு கணக்குப் போட்டுச்சு. ஆறு கிலோ பிள்ளைக்கு ஆறு மில்லி. கோட்டுல ஒரு முடி ஏறாம இறங்காம இழுத்து, கன்னத்தோரமா மெல்ல விட்டா. பிள்ளை சப்புக்கொட்டி முழுங்கிச்சு.

ஆத்தங்கரையில பூசை முடிஞ்சுது. மூணு முழுக் கரும்பைச் சேத்துக் கட்டி, நடுவுல தனுஜாவோட கல்யாணச் சேலையைத் தூளியாக்கி, பிள்ளையை உள்ளே கிடத்தினாங்க. முன்பக்கம் குகன், பின்பக்கம் தனுஜாவோட தம்பி விமலன், தாய்மாமன் அவன்தானே. ரெண்டு பேரும் தோள்ல தூக்கினாங்க. தனுஜா தலையில பால்குடம் ஏறுச்சு. முந்தின சாயங்காலத்துல இருந்து விரதம், அவ வயித்துலயும் ஒண்ணும் இல்ல. உடுக்கை அடிச்சாச்சு, சாம்பிராணி போட்டாச்சு. கிளம்ப வேண்டியதுதான்.

எங்கே கிளம்ப? துரை வரல.

இந்தத் தோட்டத்துல வெள்ளைக்காரன் காலத்துல இருந்து ஒரு பழக்கம். துரை வந்து முதல் தேங்காயை உடைச்சாத்தான் ஊர்வலம் நகரும். வெள்ளைக்காரன் போயி எத்தனையோ காலமாச்சு, இப்ப இருக்கிற மானேஜர் நம்மள மாதிரி சோறு திங்கிற மனுஷன்தான், ஆனாலும் துரைன்னா துரை. அவரு பிரிஞ்சாங் டவுன்ல சுற்றுலா வண்டிகளுக்கு நடுவுல மாட்டிக்கிட்டாராம். ஞாயித்துக்கிழமையில அந்த ரோட்டுல எறும்பு கூட வரிசையிலதான் போகும்னு யாருக்குத் தெரியாது? கொஞ்சம் முன்னாடி கிளம்பினா என்னவாம்! ஏத்தின குடத்தை இறக்கக் கூடாது, தூக்கின தொட்டில் தரையில படக் கூடாது. அத்தனை ஜனமும் மழைத்தூறல்ல நின்னுச்சு.

அவரு வந்து தேங்காயை உடைக்கிறதுக்குள்ளயே ஊர்வலம் கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டிய நேரம் தாண்டிருச்சு. அப்புறம் ஒவ்வொரு லயத்துக்கும் நின்னு, ஒவ்வொரு வாசல்லயும் மஞ்சத்தண்ணி ஊத்தி, ஆரத்தி எடுத்து.

மூணாவது லயத்துக்கிட்ட தனுஜாவுக்கு மார்பு கனத்து, பால் தானா இறங்கி ரவிக்கை நனைஞ்சுது. உடம்புக்குத் தெரிஞ்சுருச்சு, பிள்ளைக்கு நேரமாச்சுன்னு. அவ திரும்பிப் பார்த்தா. தூளி மெல்ல ஆடுது. ஒரு சத்தம் இல்ல.

"பிள்ளை அழலையே," அப்படின்னா.

பக்கத்துல அம்மன் பாட்டை எடுத்துக் கொடுத்துக்கிட்டு வந்த செல்லம்மா, பக்கத்து வீட்டுக்காரி, தூளியை விலக்கி எட்டிப் பார்த்தா. "அழுவாளா? ஆத்தா மடியிலல்ல கிடக்கிறா! பாரு, எவ்வளவு சமத்தா தூங்குறா. மத்த பிள்ளைங்க எல்லாம் கத்து கத்துன்னு கத்துது."

"பால் கொடுக்கணும்க்கா. நேரமாச்சு. கொஞ்சம் குடத்தை..."

"அடியே! குடத்தை இறக்குறதா? வாயைக் கழுவு. இன்னும் ரெண்டே லயம். நேர்த்திக்கடனைப் பாதியில விட்டா யாருக்கு வரும்? பிள்ளைக்குத்தான் வரும். நட."

செல்லம்மா கெட்டவ இல்ல. பிள்ளைக்கு மருந்து ஆரம்பிச்ச நாள்ல இருந்து வெள்ளிக்கிழமைதோறும் விளக்குப் போட்டவ. அவளுக்குத் தெரிஞ்சதை அவ சொன்னா. தனுஜாவுக்கு இன்னொண்ணும் தெரியும், செல்லம்மாவுக்குத் தெரியாத ஒண்ணு. ரெண்டும் அவ நெஞ்சுக்குள்ள முட்டிக்கிச்சு. இறக்கினா ஆத்தா கோவிச்சுக்குவா, அந்தக் கண்ணு போயிடும். இறக்கலைன்னா? தூங்கத்தானே செய்யறா. இன்னும் ரெண்டே லயம்.

அவ நடந்தா.

பின்னால விமலன் மருமக மூஞ்சியைத் துண்டால துடைச்சான். கூட்டம், சாம்பிராணிப் புகை, பட்டுச்சேலை, அதான் வேர்க்குதுன்னு நினைச்சான் பாவம். மறுபடி வேர்த்துச்சு, மறுபடி துடைச்சான். பெரியவங்களே குளிருக்குக் கோட்டு போட்டுக்கிட்டு வர்ற அந்த மலையில பச்சப்பிள்ளைக்கு எதுக்கு அப்படி வேர்க்குதுன்னு அவன் புத்திக்கு எட்டல. பின்னால எத்தனை நாள் அந்தத் துண்டை வச்சுக்கிட்டு அழுதான் தெரியுமா, யாராலும் தேத்த முடியல.

கோயில்ல பால் அபிஷேகம் முடிஞ்ச கையோட தனுஜா ஓடி வந்து தூளிக்குள்ள கையை விட்டா. கை சில்லுன்னுச்சு. பிள்ளை உதடெல்லாம் சாம்பல் பூத்து, தலைமுடி நனைஞ்சு நெத்தியில ஒட்டிக் கிடந்துச்சு.

"அன்பு. அன்பும்மா. கண்ணு முழிடா."

அங்கேயே தரையில உக்காந்து மாரைப் பிள்ளை வாயில வச்சா. வாய் கவ்வல. பால் கடைவாய் வழியா வழிஞ்சு மஞ்சள் பாவாடையில இறங்குச்சு. தலைக்குமேல மூணு கரும்பு, கணுக்கணுவா சீனி. பிள்ளை ரத்தத்துல ஒரு துளி இல்ல. அப்பத்தான் அந்தச் சின்னக் கை ஒண்ணு விறைச்சு, வெட்டி வெட்டி இழுத்துச்சு.

"ஆத்தா வந்துட்டா! பிள்ளைமேல ஆத்தா வந்துட்டா!"ன்னு கூட்டத்துல யாரோ கையெடுத்துக் கும்பிட்டாங்க. உடுக்கை இன்னும் வேகமா அடிச்சுது.

"நிறுத்துங்கடா!" தனுஜா போட்ட சத்தத்துல உடுக்கை நின்னே போச்சு. "சாமி இல்ல! சீனி! சீனி இறங்கிருச்சு! என்னங்க, வண்டியை எடுங்க!"

குகன் எடுத்தான். பிள்ளை மடியில, தனுஜா முன்சீட்டுல, பிரிஞ்சாங் வரைக்கும் பறந்தாங்க. அங்கே வண்டிங்க கல்லு மாதிரி நின்னுச்சு. ஸ்ட்ராபெரி வாங்கவும் செல்ஃபி எடுக்கவும் வந்த ஜனம். குகன் ஹோர்னை அமுக்கின கையை எடுக்கவே இல்ல. ஒருத்தன் கண்ணாடியை இறக்கித் திட்டினான், அப்புறம் தனுஜா மடியைப் பார்த்துட்டு அவனே இறங்கி ஓடி, கையைக் காட்டி முன்னால நின்ன வண்டிங்களை ஒதுக்க வச்சான். நல்லவன், எந்த ஊரோ.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில தனுஜா வாசல்லயே கத்திக்கிட்டு நுழைஞ்சா. "ப்ரொப்ரனொலால் குடிக்கிற பிள்ளை! பால் குடிக்கல! சீனி பாருங்க! முதல்ல சீனி பாருங்க!" நல்ல வேளை, அவ சொன்னதை ஒருத்தரும் ஏன் எதுக்குன்னு கேட்டு நிக்கல. குதிகால்ல குத்தினாங்க. ஒண்ணு புள்ளி ஒண்ணுன்னுச்சு மிஷின். நர்ஸோட முகம் போன போக்கைப் பார்த்தே அது எவ்வளவு கீழேன்னு தெரிஞ்சுது. நரம்புல குளுக்கோஸ் ஏத்தினாங்க. இழுப்பு நின்னுச்சு. ஆம்புலன்ஸ்ல ஈப்போவுக்குக் கொண்டு போனாங்க.

ஈப்போவுல பிள்ளை பொழைச்சுக்கிச்சு. அப்படித்தான் எல்லாரும் சொன்னாங்க, பொழைச்சுக்கிச்சுன்னு. அஞ்சாம் நாள் மார்பைத் தேடிக் கவ்வி, கடக் கடக்னு குடிச்சப்போ தனுஜா சத்தம் போட்டு அழுதா. மூக்கடைப்பெல்லாம் போயிருந்துச்சு. ஆனா பால் குடிக்கிறப்போ பிள்ளை எப்பவும் அவ முகத்தைத்தான் பாக்கும், இப்பப் பாக்கல. பாக்குற இடத்துல எதுவும் இல்லாத மாதிரி ஒரு பார்வை. தனுஜா கையை ஆட்டினா. வளையலைக் குலுக்காம, காத்து படாம, மெல்ல ஆட்டினா. இமை அசையல.

அவ யாருகிட்டயும் சொல்லல. சொன்னா நிஜமாயிடும்னு ரெண்டு நாள் வாயைத் திறக்காம இருந்தா.

தலையைப் படம் பிடிச்ச பிறகு டாக்டரம்மா ரெண்டு பேரையும் உக்கார வச்சுச்சு. தவமலரும் வந்து நின்னா. அவ சொல்ல ஆரம்பிச்சு, நிறுத்தி, மறுபடி ஆரம்பிச்சா.

"அக்கா, மூளை உயிர் வாழறதே சீனியிலதான். அது ரொம்ப நேரம் கிடைக்காம போனதுல மூளையோட பின்பக்கம் அடிபட்டிருக்கு. பார்வைக்கு உள்ள இடம் அதுதான். கண்ணு நல்லாத்தான் இருக்கு. ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு. கண்ணு அனுப்புறதை வாங்கிக்கிற இடம்தான்..."

"திரும்ப வருமா?"

"பிள்ளை மூளை வளர்ற மூளை. கொஞ்சம் வெளிச்சம், நிழல் அசையறது வரலாம். பயிற்சி கொடுப்பாங்க. முழுசா வரும்னு என்னால சொல்ல முடியாதுக்கா."

குகன் குனிஞ்ச தலையை நிமிர்த்தல. தனுஜா மட்டும் நிமிர்ந்து உக்காந்திருந்தா.

"நாலு வாய்தான் குடிச்சா," அப்படின்னா. "எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கொடுத்தேன். கண்ணு போயிடும்னு பயந்து கொடுத்தேன்."

தவமலர் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அவளும் அழுதா. நர்ஸுங்க அழக் கூடாதுன்னு சட்டமா இருக்கு?

வீட்டுக்குப் போற வழி முழுக்க, தாப்பா ரோட்டு வளைவுல எல்லாம், குகன் ஒரு வார்த்தை பேசல. குடிச்சாளான்னு கேட்டப்போ குடிச்சான்னு சொன்னியேடின்னு ஒரு வார்த்தை கேட்டுட மாட்டானான்னு தனுஜா ஏங்கினா. அடிச்சாலும் பரவாயில்லன்னு இருந்துச்சு அவளுக்கு. அவன் கேக்கல. மலை ஏறினதும் குளிரும்னு வண்டியை ஓரங்கட்டி, தன் ஸ்வெட்டரைக் கழட்டி, பிள்ளையைப் போத்தினான். அதைத்தான் அவளால தாங்க முடியல.

அந்த மருந்தை நிறுத்திட்டாங்க. அதுக்குள்ள கட்டி முக்கால்வாசி வாடியிருந்துச்சு. மேலே பூசறதுக்கு ஒண்ணு கொடுத்தாங்க, மிச்சமும் மெல்ல மெல்ல வாடுச்சு. பிள்ளை உக்கார ஆரம்பிச்ச நேரத்துல இமைமேல லேசா ஒரு சுருக்கம், அது மட்டும்தான். உத்துப் பார்த்தாத்தான் தெரியும். ரெண்டு கண்ணும் அகலமா, கருகருன்னு, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு.

லயத்துல யாருக்கும் முழுசா தெரியாது. இழுப்பு வந்துச்சு, பொழைச்சுக்கிச்சு, அதுவரைக்கும்தான் தெரியும். தனுஜா சொல்லல. சொல்ல நாக்கு வரல. ஒரு வெள்ளிக்கிழமை செல்லம்மா சக்கரைப்பொங்கலோட வந்தா. வாசல்ல பாயில உக்காந்திருந்த பிள்ளையோட முகவாயைப் பிடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து அப்படியே பூரிச்சுப்போனா.

"அம்மாடி! தடமே தெரியலையே! எப்படி மூடிக் கிடந்த கண்ணு! நான் அன்னிக்கே சொன்னேன்ல, குடத்தை இறக்காதேன்னு? ஆத்தா கண்ணைத் திறந்துட்டாடி தனுஜா. நீ கொடுத்து வச்சவ."

செல்லம்மா ரெண்டு கையாலயும் பிள்ளை முகத்தை வழிச்சு தன் நெத்தியில சொடுக்கித் திருஷ்டி கழிச்சா. அந்தச் சத்தம் எங்கேயிருந்து வருதுன்னு பிள்ளை தலையை அப்படியும் இப்படியும் சாய்ச்சுத் தேடுச்சு. நேர் எதிர்ல, ஒரு சாண் தூரத்துல இருந்த அந்தச் சிரிச்ச முகத்தைத் தவிர எல்லாப் பக்கமும் தேடுச்சு.

"ஆமாங்கக்கா," அப்படின்னா தனுஜா. "நல்லா திறந்துருச்சு."

செல்லம்மா போன பிறகு தனுஜா முகத்தைக் கழுவிட்டு வந்து உலை வைக்கப் போனா. கழுவுற வரைக்கும் பேசாம இருந்ததுல பிள்ளை உதட்டைப் பிதுக்கிடுச்சு. அம்மா போயிட்டான்னு நினைச்சுக்கிச்சு. மூணடி தூரத்துல நின்னாலும், வாயை மூடிட்டா அவ அந்தப் பிள்ளைக்கு இல்லாதவதான். இப்பல்லாம் தனுஜா நாளெல்லாம் பேசிக்கிட்டேதான் இருக்கா. அவளுக்கு வாய் நீண்டு போச்சுன்னு லயத்துல கேலி பண்றாங்க.

"இங்கதான்டா இருக்கேன். அம்மா இங்கதான் இருக்கேன்," அப்படின்னா. "இதோ அரிசி கழுவுறேன். இதோ அடுப்பைப் பத்த வைக்கிறேன். அழாதே தங்கம். அப்பா லோரி வருது பாரு."

பாருன்னு சொன்னதை அவளே கேளுன்னு மாத்தினா. ஆனா நிறுத்தல. நிறுத்தினா பிள்ளை அழும்.